வைப்பிலிட்ட பணமும் பையிலிருந்த பலாக்கன்றும்

கணக்கில் நான் தவறியதில்லை. கண்டி நகரத்தில் ஒரு ஹார்ட்வெயார் மொத்தக் கடையின் கணக்குப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கடன் விஷயத்திலும் நான் போட்ட கணக்கு கடைசிவரைக்கும் சரியாகத்தான் இருந்தது. அது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் கணவர் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கம்பனி கட்டிவிட்ட வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். நானும் தோட்டத்துப் பிள்ளைதான், ஆனால் சின்ன வயதிலேயே நகரத்துக்கு வந்துவிட்டோம். அவருக்கு லயம் மனத்தை விட்டுப் போகவே இல்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. அவருடைய அப்பா லயத்துக்குப் பின்னால் ஒரு பலாக்கன்று வைத்திருக்கிறார். அது ஆள் உயரம் வந்த பிறகு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டு, "இத யாரக் கேட்டு வச்ச?" என்று கேட்டாராம். கீரை போடலாம், போஞ்சி போடலாம். நாலு மாதத்தில் பிடுங்கிப் போடுகிற எதையும் போடலாம். மரம் வைக்கக்கூடாது. மரம் வைத்தால் நிலம் உனக்குச் சொந்தம் என்று நினைப்பு வந்துவிடும். கன்றை அப்பாவின் கையாலேயே வெட்ட வைத்தார்களாம். இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் கட்டாரில் ஒரு கம்பனியில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலத்தில்தான் குண்டசாலையில் வீடு வாங்கினோம். அப்போது வட்டி எல்லாம் தரையில் கிடந்த நேரம். கண்டியிலுள்ள வங்கியில் பதினைந்து வருடக் கடன், முதல் ஐந்து வருடத்துக்கு ஒன்பதரை வீத நிலையான வட்டி, அதற்குப் பிறகு சந்தையைப் பொறுத்து மாறும். காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், அவர் பெயரில். அதை வங்கி ஈடாக எடுத்துத் தன் பெட்டகத்தில் வைத்துக்கொண்டது. கூடவே ஒரு ஆயுள் காப்புறுதியும் எடுக்கச் சொன்னார்கள். கடன்காரர் இடையில் இறந்துவிட்டால் மிச்சக் கடனைக் காப்புறுதிக் கம்பனி கட்டும். கடன் குறையக் குறைய அந்தக் காப்பும் குறைந்துகொண்டே போகும். மொத்தக் கட்டணத்தையும் கடனோடு சேர்த்து ஒரேயடியாக வாங்கிவிட்டார்கள். இது என்ன வீண் செலவு என்று நான் அந்த உத்தியோகத்தரிடம் சண்டைக்கே போனேன்.

நாடு வங்குரோத்தாகிப் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடத்தில் அவர் திரும்பி வந்தார். கம்பனி ஆட்களைக் குறைத்துவிட்டது, இவருக்கு முதுகும் போயிருந்தது. ஊரே அழுதுகொண்டிருந்த நேரத்தில் எங்களுக்கு மட்டும் ஒரு அதிர்ஷ்டம். ரூபாய் விழுந்ததில் அவர் சேர்த்து வைத்திருந்த டொலர் ஏறக்குறைய இரண்டு மடங்கு ரூபாயாகக் கையில் வந்தது. எல்லாம் சேர்த்து ஐம்பது இலட்சம். வங்கிக் கடன் மிச்சம் நாற்பத்தெட்டு இலட்சம்.

அவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. வந்து பெட்டியைக் கூடப் பிரிக்கவில்லை.

"நாளைக்கே போயி கட்டிட்டு உறுதிய வாங்கிட்டு வந்துருவோம்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க. கணக்குப் பார்த்துட்டுப் போவோம்."

"இதுல என்ன கணக்கு? கடன் இருக்கு, காசு இருக்கு."

நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவரைக் கதிரையில் உட்கார வைத்தேன். அந்த நேரம் வங்கிகள் ஒரு வருட நிலையான வைப்புக்கு இருபது வீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தன. மாதாமாதம் வட்டி எடுப்பதென்றால் இருபது. ஐம்பது இலட்சத்துக்கு வருடம் பத்து இலட்சம். அதில் நூற்றுக்கு ஐந்து வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிடித்தாலும் ஒன்பதரை இலட்சம் கையில் வரும். கடனுக்கு நாம் கட்டுகிற வட்டியோ வருடம் நாலரை இலட்சத்துக்குக் கொஞ்சம் கூட. மாதத் தவணை அறுபத்திரண்டாயிரம். வைப்பின் வட்டி மாதம் எழுபத்தொன்பதாயிரம். வட்டியே தவணையைக் கட்டும், மேலே பதினேழாயிரம் மிஞ்சும், முதல் அப்படியே இருக்கும்.

"நீங்க கடனக் கட்டினா வருசத்துக்கு மிச்சமாகிறது நாலரை லட்சம். கட்டாம வச்சா வாறது ஒன்பதரை. எது பெருசு?"

"ஒன்பதரைதான் பெருசு" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொன்னார்.

வரியிலும் நான் விடவில்லை. வைப்பை என் பெயரிலோ கூட்டாகவோ போட்டால் அந்த வட்டி என் சம்பளத்தோடு சேர்ந்து வருமான வரி எல்லையைத் தாண்டிவிடும். அவருக்கு வேறு வருமானம் கிடையாது. முழுவதையும் அவர் பெயரில் போட்டால் பத்து இலட்சம் அந்த நேரத்து வரியில்லா எல்லையான பன்னிரண்டுக்கு உள்ளேதான் நிற்கும், பிடித்த ஐந்து வீதத்தையும் விண்ணப்பித்துத் திரும்பக் கேட்கலாம். வீட்டுக்கடன் வட்டியை வருமானத்திலிருந்து கழிக்க முன்பு ஒரு சலுகை இருந்தது, அதையும் எடுத்துவிட்டிருந்தார்கள். எப்படிப் பார்த்தாலும் வைப்பே மேல். அவர் பெயரில் போட்டு, அவருக்குப் பிறகு பணம் எனக்கு வரும்படி என்னைப் பின்னுரிமையாளராக எழுதினோம்.

அன்று வங்கியிலிருந்து வெளியே வந்து வாவிக்கரையில் நடந்தோம். பஸ்ஸுக்குள் ஏறிய பிறகு, "ஒரு வருசந்தானே?" என்றார்.

"ஒரு வருசம்."

அந்த வருடம் நான் சந்தோஷமாக இருந்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லோரும் கடன் வட்டி ஏறி மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் கடன் ஒன்பதரையிலேயே நின்றது. வட்டி வந்து விழும், தவணை போகும், மிச்சம் கையில் இருக்கும். கடையில் என்கூட வேலை செய்தவர்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க நான் மிகவும் கஷ்டப்பட்டேன்.

அவர் மட்டும் வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தார். சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் கூட யோசிப்பார். பின்பக்கம் பதினைந்து பேர்ச் நிலம் சும்மா கிடந்தது. அதில் போஞ்சி, கத்தரி, முள்ளங்கி, பொன்னாங்காணி. அவ்வளவுதான். அம்பிட்டியவில் வாழ்க்கைப்பட்டிருக்கிற எங்கள் மகள் வந்து, "ஒரு மாங்கன்று வைங்கப்பா, பிள்ளைகளுக்கு ஆகும்" என்பாள்.

"உறுதி வரட்டும்மா."

"வீடு உங்க பேர்லதானேப்பா இருக்கு?"

"பேரு இருக்கு. கடுதாசி அவங்ககிட்டல்ல இருக்கு."

எனக்குக் கோபம் வரும். வங்கி என்ன தோட்டக் கம்பனியா, மரம் வைத்தால் வந்து வெட்டச் சொல்ல? ஈடு என்றால் என்ன என்று எத்தனை தடவை விளக்கினாலும் தலையாட்டுவார். அடுத்த நாள் போய் இன்னொரு பாத்தி முள்ளங்கி போடுவார். படித்த மனிதர்தான். ஒரு பெரிய ஸ்டோரையே கட்டாரில் நடத்தியவர். இந்த ஒரு இடத்தில் மட்டும் எதுவும் உள்ளே போகாது.

வருடம் முடிந்து வைப்பு முதிர்ந்தபோது நிலைமை தலைகீழ். வட்டி விழுந்துவிட்டது. புதிதாகப் போட்டால் ஒன்பதரைதான் என்றார்கள். வரி போனால் ஒன்பது வீதமும் ஒரு துளியும். கடன் வட்டியை விடக் குறைவு. அவர் இந்தத் தடவை என்னிடம் கணக்குக் கேட்டது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. தாளையும் பேனையையும் அவரே எடுத்துக்கொண்டு வந்தார்.

"இப்ப எது பெருசு?"

"கடன் வட்டிதான் பெருசு."

"அப்ப கட்டணும்தானே?"

"கட்டணும்தான்" என்றேன். நிஜமாகவே கட்டத்தான் நினைத்தேன்.

அடுத்த நாள் அவர் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வங்கியில் கடன் பிரிவில் ஒரு முஸ்லிம் பையன், உத்தியோகத்துக்கு வந்து இரண்டு மூன்று வருடம்தான் இருக்கும், மரியாதையான பிள்ளை. கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"சேர், மிச்சம் நாப்பத்தஞ்சு லட்சம் சொச்சம் இருக்கு. ஆனா நிலையான வட்டிக் காலம் முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. இப்ப முழுசா அடைச்சா அஞ்சு வீதம் கட்டணம் வரும்."

"எவ்வளவு?" என்றேன்.

"ரெண்டேகால் லட்சம், மிஸ். ரெண்டு வருசம் போன பொறகு அடைச்சா அந்தக் கட்டணம் இல்ல."

என் மூளை அங்கேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. என்னால் அதை நிறுத்த முடியாது. கடனுக்கும் வைப்புக்கும் வித்தியாசம் அரை வீதத்துக்கும் குறைவு. நாற்பத்தைந்து இலட்சத்துக்கு வருடம் இருபத்தோராயிரம். வைப்பு வட்டி அடுத்த வருடம் எட்டுக்கு இறங்கினாலும் இரண்டு வருடமும் சேர்ந்து நட்டம் ஒரு இலட்சத்துச் சொச்சம். இதைத் தவிர்க்க இரண்டேகால் இலட்சத்தைத் தூக்கிக் கொடுப்பதா? கூடவே கைக்காசு ஏறக்குறைய மொத்தமும் சுவருக்குள் போய்விடும். ஒரு ஆஸ்பத்திரிச் செலவென்றால் சுவரைப் பெயர்த்துக் கொடுக்க முடியுமா?

"ரெண்டு வருசம் பொறுப்போம்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னார், "போனாப் போகட்டும் மகன். அந்த ரெண்டேகாலையும் சேர்த்து எடுத்துக்கங்க."

"என்ன பேசுறீங்க? ரெண்டேகால் லட்சம் மரத்துலயா காய்க்குது?"

பக்கத்து மேசையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் தர்மசங்கடமாகச் சிரித்தான். "சேர், வேணும்னா ஒரு பகுதியக் கட்டலாம். வருசத்துக்கு ஒரு அளவு வரைக்கும் கட்டணம் இல்லாம எடுப்பம்."

"பாதி கட்டினா பாதி உறுதி தருவீங்களா?" என்றார் அவர்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்தார், வைப்பைப் புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார், வெளியே போய் மழையில் நின்றார். நான் குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

குண்டசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் வீதியோரத்து நாற்றுக்கடைக்குள் போனார். ஒரு பலாக்கன்றை வாங்கிக்கொண்டு வந்தார். கறுப்புப் பொலித்தீன் பையில், முழங்கை உயரம், நாலைந்து இலை.

"இதெங்க வைக்கப் போறீங்க?"

"இப்ப வைக்கல. பையிலயே இருக்கட்டும். ரெண்டு வருசந்தானே."

"அவ்வளவு நாளைக்குப் பையில வச்சா வேர் சுருண்டு செத்துப் போகும்."

"நீ ரெண்டு வருசம் பொறுக்கச் சொன்னல்ல. அதுவும் பொறுக்கும்."

பின்பக்கத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சுவரோரமாக வைத்தார். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போய்ச் சேரும் இடம். ஒரு நாள் தவறாமல் பார்ப்பார். பை கிழிந்தபோது சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டினார். நிலத்தில் வைத்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தவர் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னலால் பார்த்தேன். களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பிளேன்டீ ஊற்றினேன். கொண்டு போனபோது அவர் சாய்ந்திருந்தார். த்ரீவீலில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மாரடைப்பு, வரும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

புசல்லாவையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எட்டாம் நாள் சடங்கு முடிந்து சாப்பிட்ட பிறகு அவருடைய தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், ஆறுதல் சொல்லத்தான் வந்தார்.

"அண்ணி, கடனுக்கு இன்சூரன்ஸ் இருக்கில்ல? அப்ப மிச்சத்த அவங்கதான் கட்டுவாங்க?"

"ஆமா."

"அந்த அம்பது லட்சமும் அப்படியே உங்ககிட்ட இருக்குது?"

"இருக்குது."

"நல்ல வேளை அண்ணி, நீங்க கட்ட விடல. அண்ணன் பேச்சக் கேட்டுக் கட்டியிருந்தா இன்சூரன்ஸும் போயிருக்கும், காசும் போயிருக்கும். நீங்க கெட்டிக்காரி."

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு சித்தி என் கையைப் பிடித்துத் தடவினாள். எனக்கு எழுந்து அந்தச் சாப்பாட்டு இலையை எல்லாம் வாரி அவர்கள் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. கறி போதுமா என்று கேட்டேன்.

தம்பி சொன்னது பிழையுமில்லை. கடனை முழுதாக அடைத்திருந்தால் காப்பும் அத்தோடு முடிந்திருக்கும். அடைக்காமல் விட்டதால் நாற்பது இலட்சத்துக்கு மேல் எனக்கு இலாபம். எந்த வட்டி வீதத்தில் போட்டாலும், எந்த வரியைக் கழித்தாலும், இப்படி ஒரு இலாபம் வராது. என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகளில் மிகப் பெரிய இலாபம் இதுதான். இதைப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

காப்புறுதிக் கம்பனி உடனே கட்டவில்லை. மரணச் சான்றிதழ், வைத்திய அறிக்கை, கடன் எடுக்கும் முன்பே வருத்தம் இருந்ததா என்று விசாரணை. சில மாதம் இழுத்தது. அதுவரைக்கும் தவணையை நான்தான் கட்டினேன், பிறகு அதைத் திருப்பித் தந்தார்கள். கடன் முடிந்து, ஈட்டை நீக்கிய பத்திரம் காணிப் பதிவகத்தில் பதிவாகி, உறுதியை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி வங்கியிலிருந்து அழைத்தார்கள்.

அதே பையன்தான் இருந்தான். எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தான்.

"சேருக்குத்தான் இதுல ரொம்ப ஆசை இருந்திச்சு, மிஸ்."

"தெரியும்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

குண்டசாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் கேட்டபடி அந்த இரண்டேகால் இலட்சத்தைக் கொடுத்திருந்தால் இதே பஸ்ஸில், இதே கடதாசியை, அவர் மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பார். அவருக்கு ஒன்பது மாதம் கிடைத்திருக்கும். சொந்த வீட்டில் ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்துக்கு வட்டி எவ்வளவு என்று போட எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. தெல்தெனியப் பக்கம் போகிற ஒரு சிங்களப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

வீட்டில் மகள் இருந்தாள். உறுதியைச் சாமித்தட்டில் வைத்து விளக்கேற்றினோம். பிறகு நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். நிலத்தின் நடுவில் நல்ல வெளிச்சமான இடமாகப் பார்த்துக் குழி வெட்டினேன். மகள் பலாக்கன்றைத் தூக்கி வரப் போனாள். தூக்க முடியவில்லை.

நானும் போய்ப் பிடித்தேன். அசையவில்லை. சாக்குத் துண்டு மக்கிப்போயிருந்தது. வேர் பையைக் கிழித்துக்கொண்டு, சாக்கையும் துளைத்துக்கொண்டு, எப்போதோ நிலத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது. இடுப்பு உயரத்துக்கு மேல் வந்துவிட்டது, புதிதாக இலையும் விட்டிருந்தது. இத்தனை நாளும் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் பாத்திரம் கழுவியிருக்கிறேன்.

"இழுத்தா ஆணிவேர் அறுந்துடும்மா" என்றாள் மகள். "இங்கயே விடவும் ஏலாது. சுவருக்கு ஒரு முழங்கூட இல்ல. பலா வேரு அத்திவாரத்தையே தூக்கிடும். வெட்டிட்டு அந்தக் குழில வேறொன்னு வைப்போம்."

நான் வெட்டின குழியை மண்வெட்டியாலேயே மூடத் தொடங்கினேன். மகள் வந்து மண்வெட்டிப் பிடியைப் பிடித்தாள்.

"அம்மா, சுவர் வெடிச்சிரும்."

"வெடிக்கட்டும்" என்றேன். "நாம யாரக் கேக்கணும்?"